மாடித்தோட்டம்: காய்ந்த கிளையை வெட்டும் முன், தொட்டியைப் பாருங்கள்!

ஆவடியை அடுத்த சேக்காட்டில் ஒரு வீட்டு மொட்டை மாடி. மேற்குப் பக்கக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, ஒரு சிமென்ட் திண்டின் மேல் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு போன்சாய் இருக்கிறது. நர்சரிகளில் ஃபைகஸ் என்று விற்கிறார்களே, அந்த இச்சி வகை மரம். 14 இன்ச் நீளம், 3 இன்ச் ஆழமுள்ள பீங்கான் தட்டில் 19 வருஷமாக வளர்கிறது. வீட்டுக்காரர் வாங்கி வைத்து, தானே கம்பி கட்டி வளைத்து வளர்த்த மரம் இது. அவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. இப்போது தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி. அவருக்கு வயது 61.

பிப்ரவரியில் ஒரு நாள் சாயங்காலம் அந்த மரத்தைப் போட்டோ எடுத்து, பெங்களூரில் இருக்கும் மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "இடது பக்கக் கிளை மொத்தமா போச்சு கண்ணு. அப்பா மரம் செத்துடும் போலிருக்கு" என்று கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

குடும்ப குரூப்பில் உடனே யோசனைகள் வந்து குவிந்தன. "டிஏபி ஒரு ஸ்பூன் போடு" என்றார் ஒரு சித்தப்பா. "நோயா இருக்கும், மத்த கிளைக்கும் பரவும். இப்பவே அடியோட வெட்டிடுங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அம்மா கத்தரியை எடுத்து வைத்துவிட்டார். மகள்தான், "ரெண்டு நாள் பொறுங்கம்மா" என்று தடுத்து, பூந்தமல்லி பக்கம் நர்சரி வைத்திருக்கும் ஒருவருக்கு அந்தப் போட்டோவை அனுப்பினார். போன்சாய் வளர்ப்பில் நல்ல பழக்கம் உள்ளவர். அப்பா மண் வாங்கப் போகும்போதெல்லாம் பேசிக்கொண்டிருந்த அதே மனிதர்.

அவர் அனுப்பிய முதல் பதில்: "வெட்டாதீங்கம்மா. இந்த ஒரு போட்டோவை வச்சு எதுவும் சொல்ல முடியாது."

ஒரு போட்டோ ஏன் போதாது?

அந்தப் போட்டோ மரத்தின் முன்பக்கத்திலிருந்து, நின்றபடி, கொஞ்சம் மேலிருந்து எடுத்தது. பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அதனால் கிளைகள் எல்லாமே கறுப்புக் கோடுகளாகத்தான் தெரிந்தன. உயிருள்ள பட்டைக்கும் காய்ந்த பட்டைக்கும் நிறத்தில்தான் வித்தியாசம். அந்த நிறமே போட்டோவில் இல்லை. தொட்டியின் விளிம்பும் மண்ணும் ஃபிரேமுக்குள் வரவே இல்லை.

நர்சரிக்காரர் ஆறு போட்டோவும் ஒரு வீடியோவும் கேட்டார். காலை எட்டு மணி வாக்கில், மரத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு எடுக்க வேண்டும். போனைத் தொட்டியின் உயரத்துக்கே இறக்கிக்கொண்டு முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு என்று மூன்று படம். நான்காவது, மேலிருந்து மண்ணின் படம். ஐந்தாவது, தொட்டியை ஓர் ஓரமாகத் தூக்கி அடியில் இருக்கும் ஓட்டைகளின் படம். ஆறாவது, காய்ந்த கிளையில் காய்ந்த பகுதி எங்கே முடிகிறதோ அந்த இடத்தின் க்ளோசப். "பின்னாடி மங்கலாக்குற மோடு வேண்டாம், கலரைத் தூக்கிக் காட்டுற ஃபில்டரும் வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். மங்கலாக்கும் மோடு மெல்லிய குச்சிகளையும் சேர்த்து அழித்துவிடும். ஃபில்டர் போட்டால் வெளிறிய இலையும் பச்சையாகத் தெரியும்.

வீடியோ எதற்கு? எப்போதும் ஊற்றுவது போலத் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பதற்கு.

முதலில் தொட்டி, பிறகுதான் கிளை

மறுநாள் காலை படங்கள் போய்ச் சேர்ந்தன. காய்ந்த கிளையின் படத்தை அவர் கடைசியாகத்தான் திறந்தார். முதலில் பார்த்தது மண்ணை.

தொட்டி உயரத்தில் எடுத்த படத்தில், மண் தட்டின் விளிம்போடு சமமாக இல்லை. நடுவில் உப்பி, விளிம்பைவிட ஒரு விரல்கடை அளவு மேலே எழுந்திருந்தது. யாரும் மண்ணைக் கொட்டி அப்படி ஆக்கவில்லை. கீழே வளர்ந்த வேர்கள் போக இடமில்லாமல் தட்டின் அடியில் சுற்றிச் சுற்றிப் படிந்து, மரத்தையே மேலே தள்ளியிருக்கின்றன. வேர் நெருக்கத்துக்கு இது முக்கியமான அடையாளம். மேலிருந்து எடுத்த படத்தில் இது தெரியாது, போனைக் கீழே இறக்கிப் பிடித்தால்தான் தெரியும்.

மேலிருந்து எடுத்த மண் படத்தில், நூல் போன்ற மெல்லிய வேர்கள் பாய் பின்னியது மாதிரி மண்ணை மூடியிருந்தன. இங்கே பலரும் ஏமாறும் ஓர் இடம் உண்டு. தண்டின் அடியிலிருந்து நாலா பக்கமும் விரல் தடிமனில் படர்ந்து, மண்ணுக்கு வெளியே தெரியும் வேர்கள் போன்சாய்க்கு அழகு. வளர்ப்பவர்கள் வேண்டுமென்றேதான் அவற்றை வெளியே காட்டுகிறார்கள். கிளையிலிருந்து தொங்கும் விழுதுகளும் ஃபைகஸுக்கு இயல்பு. இரண்டுமே நெருக்கத்தின் அறிகுறி கிடையாது. பார்க்க வேண்டியது, அந்தத் தடித்த வேர்களுக்கு நடுவே மண் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதைத்தான். சேக்காட்டு மரத்தில் மண்ணே தெரியவில்லை.

அடி ஓட்டைகளின் படம் அதை உறுதி செய்தது. இரண்டு ஓட்டைகளில் ஒன்றை வேர்கள் கார்க் போல அடைத்திருந்தன.

கடைசியாக வீடியோ. அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை வலது பக்கமாக நின்று ஊற்றுகிறார். ஆரோக்கியமான போன்சாய் மண் சில விநாடிகளில் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். இங்கே தண்ணீர் குளம் மாதிரி தேங்கியது. அரை நிமிஷம் அப்படியே நின்றது. பிறகு வலது விளிம்பில், மண் கட்டிக்கும் தட்டுக்கும் நடுவே இருந்த இடுக்கு வழியாகச் சரசரவென்று இறங்கி, கீழே ஒழுகியது. அடியில் தண்ணீர் வருகிறதே, நன்றாக நனைந்துவிட்டது என்றுதான் அம்மா தினமும் நினைத்திருக்கிறார். உண்மையில் தண்ணீர் வேர்க்கட்டிக்கு வெளியிலேயே ஓடிப் போய்க்கொண்டிருந்தது.

"கடைசியா எப்பம்மா தட்டு மாத்தினீங்க?" என்று கேட்டார் நர்சரிக்காரர்.

"அவர்தான் தம்பி மாத்துவாரு. அஞ்சு வருஷம் இருக்கும்" என்றார் அம்மா.

சென்னை வெயிலில் ஃபைகஸ் ஏறக்குறைய வருஷம் முழுக்க வளர்கிறது. இளம் மரத்துக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, கொஞ்சம் வயதான மரத்துக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறையாவது வேரைக் கழித்து மண் மாற்ற வேண்டும். ஆழமில்லாத தட்டில் ஐந்து வருஷம் என்பது ரொம்ப அதிகம்.

இலை உதிர்ந்த கிளையும், இலை ஒட்டிய கிளையும்

இனி கிளை. இடது பக்கக் கிளை தண்டிலிருந்து பிரிந்து, ஐந்து இன்ச் தூரத்தில் இரண்டாகக் கவைக்கிறது. கவைக்கு அப்புறம் நாலு இன்ச் நீளத்துக்குக் குச்சிகள். முதல் போட்டோவில் இது எல்லாமே ஒரே மாதிரி மொட்டையாகத் தெரிந்தது. வெள்ளை வேட்டிக்கு முன்னால் எடுத்த பக்கவாட்டுப் படத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது.

கவைக்கு அப்புறம் இருந்த குச்சிகளின் நுனியில், பழுப்பு நிறத்தில் சுருண்ட இலைகள் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தன. கவைக்கு இந்தப் பக்கம் ஓர் இலைகூட இல்லை. எல்லாம் சுத்தமாக உதிர்ந்திருந்தன.

எது மோசம் என்று கேட்டால், இலையே இல்லாத பகுதிதான் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். உண்மை நேர் எதிர். இலையை உதிர்ப்பது உயிருள்ள கிளை செய்யும் வேலை. தண்ணீர் போதாதபோது, செலவைக் குறைக்க மரம் இலைக்காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கை உண்டாக்கி, இலையைத் தானே கழற்றி விடுகிறது. அதற்குக் கிளையில் உயிர் வேண்டும். இலை காய்ந்தும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தால், கழற்றி விடுவதற்கு முன்பே அந்தக் குச்சி செத்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

க்ளோசப் படமும் இதையே சொன்னது. கவைக்கு அப்புறம் பட்டை சாம்பல் நிறத்தில், உலர்ந்த மிளகாய் மாதிரி நீளவாக்கில் சுருங்கியிருந்தது. கவைக்கு இந்தப் பக்கம் பட்டை வழுவழுப்பாக, லேசான பச்சை கலந்த பழுப்பில் இருந்தது. இலை உதிர்ந்த தழும்புகளுக்குப் பக்கத்தில் குண்டூசித் தலை அளவில் இரண்டு புடைப்புகள். அவை தூங்கும் மொட்டுகளாக இருக்கலாம்.

'இருக்கலாம்' என்பதற்கு மேல் போட்டோ போகாது. அதற்குப் பிறகு விரல்தான் சொல்ல வேண்டும். "நகத்தால ஒரு கடுகளவு பட்டையைச் சுரண்டிப் பாருங்கம்மா. நுனியில ஆரம்பிச்சு, தண்டை நோக்கி இன்ச் இன்ச்சா வாங்க" என்றார் நர்சரிக்காரர். பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் இல்லை. ஃபைகஸில் இன்னொரு வசதியும் உண்டு. உயிருள்ள இடத்தில் சுரண்டினால் வெள்ளைப் பால் கசியும்.

நுனியில் பழுப்பு. அடுத்த இன்ச்சும் பழுப்பு. கவையின் ஓரத்தில் லேசான பச்சை, ஆனால் பால் இல்லை. கவையிலிருந்து அரை இன்ச் உள்ளே வந்ததும் ஒரு சொட்டுப் பால் எட்டிப் பார்த்தது. அம்மா அதை வீடியோ எடுத்து மகளுக்கு அனுப்பினார். பேச்சில்லை, பால் சொட்டு மட்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபடி அடியோடு வெட்டியிருந்தால், ஐந்து இன்ச் உயிருள்ள கிளை போயிருக்கும். அந்த மரத்தில் அப்பா முதன்முதலில் கம்பி கட்டி வளைத்ததும் அந்தக் கிளையைத்தான்.

ஏன் இடது பக்கம் மட்டும்?

காய்ச்சல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். மரத்தின் உள்பக்கத்தில், கீழ்க்குச்சிகள் மட்டும் எல்லாத் திசையிலும் மொட்டையாக இருந்தால், பெரும்பாலும் அது நிழலால் வந்தது. மேலே அடர்த்தி அதிகமாகி உள்ளே வெளிச்சம் போகவில்லை, அதனால் மரமே அந்தக் குச்சிகளைக் கைவிட்டிருக்கிறது. உச்சி, ஓரம் என்று எல்லா நுனிகளும் ஒரே சமயத்தில் காய்ந்தால், பிரச்னை வேர் முழுவதிலும் இருக்கிறது. ஒரே ஒரு கிளை மட்டும் காய்ந்தால், அந்தக் கிளையில் கம்பி இறுகிப் பதிந்திருக்கிறதா, பட்டை குழி விழுந்து கறுத்திருக்கிறதா, துளைப்பான் போட்ட ஓட்டையும் மரத்தூளும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால், அந்தக் கிளைக்கு நேர் கீழே இருக்கும் வேரைச் சந்தேகிக்கலாம். ஏனென்றால், ஒரு பக்கத்து வேர் உறிஞ்சும் தண்ணீர் பெரும்பாலும் அதே பக்கத்துக் கிளைக்குத்தான் முதலில் போகிறது.

சேக்காட்டு மரத்தில் கம்பித் தழும்பு இல்லை, குழியும் இல்லை, ஓட்டையும் இல்லை. வீடியோவில் தண்ணீர் வலது பக்கம் மட்டுமே இறங்கியது. இடது பக்கம் மேற்குச் சுவரை ஒட்டியிருந்தது. மத்தியான வெயில் சுவரில் பட்டு, அந்தச் சூடும் தட்டின் அந்தப் பக்கத்துக்கே வந்தது. தண்ணீர் போகாத பக்கமும் சூடு ஏறும் பக்கமும் ஒன்றாக அமைந்துவிட்டது.

இதில் உரம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உலர்ந்த வேருக்குப் பக்கத்தில் டிஏபி மாதிரியான உரம் சேரும்போது, அந்த உப்பு வேரிலிருந்தே தண்ணீரை வெளியே இழுக்கும். பால் சொட்டிய கிளையும் காய்ந்திருக்கும். வேர் சரியாகும் வரை உரம் கூடாது.

தட்டிலிருந்து எடுத்தபோது

பிப்ரவரிக் கடைசி. மண் மாற்றுவதற்கு ஏற்ற நேரம்தான். குளிர் போய்விட்டது, அக்னி வெயில் இன்னும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் ஊருக்கு வந்தார். நர்சரிக்காரரும் சேக்காட்டுக்கு வந்துவிட்டார்.

தட்டின் ஓரத்தைச் சுற்றி ஒரு பழைய கத்தியை விட்டு நகர்த்தி, மரத்தைத் தூக்கினார்கள். மண் உதிரவில்லை. தட்டின் வடிவத்திலேயே, இட்லித் தட்டிலிருந்து வரும் இட்லி மாதிரி மொத்தமாக வந்தது. அடியில் ஓர் இன்ச் தடிமனுக்கு வேர் மட்டும், கயிற்று மிதியடி போலச் சுற்றியிருந்தது. வலது பக்கம் ஈரம். இடது பக்கத்து நடுவில் விரலை விட்டால் மண் பொடிப் பொடியாக உதிர்ந்தது. தினமும் தண்ணீர் ஊற்றிய தொட்டிக்குள் கை அகலத்துக்கு ஒரு வறண்ட திட்டு.

அந்தத் திட்டில் இருந்த மெல்லிய வேர்களை அவர் இரண்டு விரலால் உருவிப் பார்த்தார். உயிருள்ள வேர் விறைப்பாக இருக்கும், கிள்ளினால் உள்ளே வெளிர் நிறம் தெரியும். செத்த வேரை உருவினால் தோல் மட்டும் உறை போலக் கழன்று வந்து, நடுவில் நூல் மிஞ்சும். வறண்ட பக்கத்தில் கிட்டத்தட்ட பாதி வேர் செத்திருந்தது. அழுகல் வாடை இல்லை. கறுத்துக் குழைந்து, வாடை அடித்திருந்தால் கதையே வேறு. அது தண்ணீர் தேங்கி வேர் அழுகியதன் அடையாளம்.

முதலில் வேர்க்கட்டியை ஒரு பேசின் தண்ணீரில் அமுக்கி வைத்தார்கள். உலர்ந்து இறுகிய மண் தண்ணீரை எளிதில் ஏற்காது. மேலே வந்த காற்றுக் குமிழிகள் நிற்கும் வரை காத்திருந்தார்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனது. பிறகு மூங்கில் குச்சியால் ஓரத்திலிருந்து வேர்களை மெதுவாகச் சிக்கெடுத்து, அடியில் இருந்த மிதியடியைக் கத்தரித்தார்கள். ஓரத்தில் சுற்றிலும் அரை இன்ச். மொத்தத்தில் வேரில் மூன்றில் ஒரு பங்குதான் போனது. ஆரோக்கியமான ஃபைகஸ் இதைவிட அதிகமாகவும் தாங்கும். ஆனால் இது ஏற்கெனவே பாதி வேரை ஒரு பக்கத்தில் இழந்த மரம்.

புது மண்ணில் 3 முதல் 5 மில்லிமீட்டர் செங்கல் துண்டுகள் இரண்டு பங்கு, கரடான மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலை உரம் ஒரு பங்கு. கலக்கும் முன் எல்லாவற்றையும் சல்லடையில் சலித்து, தூளைக் கொட்டிவிட்டார்கள். தூள்தான் நாளடைவில் அடியில் படிந்து மண்ணைக் களிமண்ணாக்குகிறது. ஓட்டைகளுக்கு மேல் வலைத்துண்டு வைத்து, மரம் ஆடாமல் இருக்க ஓட்டை வழியாகக் கம்பி விட்டு வேர்க்கட்டியைக் கட்டினார்கள். மரம் ஆடினால் புதிதாகக் கிளம்பும் வேர் நுனிகள் ஒடிந்துவிடும். கடைசியாக, அடியில் தெளிந்த தண்ணீர் வரும் வரை பூவாளியால் ஊற்றினார்கள். இந்த முறை தண்ணீர் தேங்கவில்லை, ஊற்றிய வேகத்திலேயே உள்ளே போனது.

கத்தரி: மூன்றே வெட்டு

மரம் பார்க்கப் புதர் மாதிரி இருந்தது. வலது பக்கம் எட்டு, ஒன்பது இலை விட்டு நீண்ட தளிர்கள். உச்சியில் இலைகள் பெரிதாகவும் கீழே சிறிதாகவும் இருந்தன. மேல்நுனிக்கு மரம் அதிகச் சத்தை அனுப்புகிறது என்பதற்கு அது அடையாளம். கவாத்து தேவை என்பது போட்டோவிலேயே தெரிந்தது. "இப்பவே ஷேப் பண்ணிடலாமா அண்ணா?" என்று மகள் கேட்டார்.

"வேரையும் வெட்டி, இலையையும் வெட்டினா அது எதை வச்சும்மா புது வேர் விடும்?" என்றார் அவர். இலைதான் வேருக்குச் சமைத்துப் போடும் இடம். பலவீனமான மரத்தில் இரண்டையும் ஒரே நாளில் பெரிதாகக் கழிக்கக் கூடாது.

அன்று விழுந்தது மூன்று வெட்டுகள்தான். முதலாவது, செத்த நுனி. பால் வந்த இடத்துக்கு மேல் கால் இன்ச் விட்டு வெட்டினார். ஃபைகஸில் வெட்டிய இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே காய்வது வழக்கம். அந்தக் கால் இன்ச் அதற்கான இடம். அது காய்ந்து நின்றதும் பிறகு மட்டமாக்கிக்கொள்ளலாம். இரண்டாவது, கவட்டையிலிருந்து செங்குத்தாக மேலே கிளம்பிய தடித்த குச்சி. அதை விட்டால் அடியிலேயே கட்டி போலத் தடித்துவிடும். மூன்றாவது, இன்னொரு கிளையில் உரசிக்கொண்டிருந்த குறுக்குக் குச்சி. மற்ற நீண்ட தளிர்களில் கை வைக்கவில்லை. மரம் தேறி, தளிர்கள் மறுபடி ஆறு முதல் எட்டு இலை விட்ட பிறகு, ஒவ்வொன்றையும் இரண்டு அல்லது மூன்று இலைக்குக் குறைக்கலாம்.

இலை இல்லாத அந்த ஐந்து இன்ச் உயிர்க்கிளையையும் தொடவில்லை. இலையற்ற கிளையைக் குட்டையாக்கினால், தளிர்க்க இருக்கும் மொட்டுகள்தான் குறையும்.

வெட்டிய இடத்தில் வடிந்த பாலை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார்கள். அது தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கண்ணில் படவே கூடாது. கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

ஏழு வாரம் கழித்து

மரத்தை மேற்குச் சுவரிலிருந்து எடுத்து, மாடிப்படிக் கூரையின் நிழலில், காலை வெயில் மட்டும் விழும் இடத்தில் வைத்தார் அம்மா. மூன்று வாரம் அங்கேயே இருந்தது. ஒரு மாதத்துக்கு உரம் எதுவும் இல்லை. மண்ணில் விரல் நுனியை விட்டு, மேல்மண் உலரத் தொடங்கியதும் மட்டும் தண்ணீர். ஒரே பக்கம் ஊற்றாமல், சுற்றி வந்து ஊற்றினார்.

முதல் இரண்டு வாரத்தில் வலது பக்கத்திலும் பத்துப் பன்னிரண்டு இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. அம்மா பயந்து போனார். உதிர்ந்த இலைகளின் காம்பு சுத்தமாகக் கழன்றிருந்ததைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார் நர்சரிக்காரர். மரமே கழற்றி விட்ட இலைகள்தான் அவை. வேர் குறைந்ததும் மரம் கணக்கைச் சரிசெய்கிறது.

ஏப்ரல் நடுவில், சித்திரைப் பிறப்புக்கு அடுத்த நாள், ஒரு க்ளோசப் வந்தது. குண்டூசித் தலை அளவு இருந்த இரண்டு புடைப்புகளில் ஒன்று வெடித்து, சுருட்டிய பச்சைத் தளிர் வெளியே வந்திருந்தது. மற்றொன்று அப்படியே இருந்தது. நாலு இன்ச் நுனி போனது போனதுதான். கிளையின் பழைய வடிவம் திரும்பாது. புதுத் தளிர் மேல்நோக்கிப் போகிறது, அதைப் பக்கவாட்டில் வளைக்க ஒரு வருஷமாவது ஆகும். அந்தக் கம்பியை இனி மகள்தான் கட்டப் போகிறார்.

தட்டில் வளர்ந்தால் மரத்துக்கு ஆயுள் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டனில் உள்ள தேசியப் போன்சாய் அருங்காட்சியகத்தில், ஜப்பானின் ஹிரோஷிமாவிலிருந்து வந்த ஒரு பைன் மரம் இருக்கிறது. 1625 முதல் போன்சாயாக வளர்க்கப்படும் மரம் அது. 1945-ல் அணுகுண்டு விழுந்தபோது, ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தின் தோட்டத்தில் இருந்து தப்பியது. 1976-ல் அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டது. பழைய வேரைக் கழித்து, புது வேருக்கு இடம் கொடுத்துக்கொண்டே இருந்தால், தட்டு மரத்துக்குச் சிறையாவதில்லை.

வாசல் செடிக்கும் இதே கண்தான்

போன்சாய் இல்லாத வீட்டிலும் கவாத்து செய்த இட்லிப்பூச் செடியோ, தொட்டியில் காகிதப்பூவோ இருக்கும். அங்கும் இதே வரிசையில் பார்க்கலாம். வெளியே பச்சைப் போர்வை, கையால் விலக்கினால் உள்ளே வெறும் குச்சி என்றால், அது நோயல்ல. மேலே மட்டும் சமமாக வெட்டிக்கொண்டே வந்ததால் உள்ளே வெளிச்சம் போகவில்லை. இனி மேலே சீவுவதை நிறுத்தி, உள்ளிருந்து சில கிளைகளை அடியோடு எடுத்து, வெளிச்சம் போக வழி விட வேண்டும்.

இட்லிப்பூவின் புது இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், அதை வேர் நெருக்கம் என்று எண்ணித் தொட்டி மாற்ற அவசரப்பட வேண்டாம். உப்பும் சுண்ணாம்பும் கூடிய போர் தண்ணீரில் வளரும் இட்லிப்பூவுக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் போவதே இதற்கு வழக்கமான காரணம். வேர் நெருக்கத்தில் மஞ்சள் பெரும்பாலும் உள்பக்கத்துப் பழைய இலைகளில் தொடங்கும். இரும்புக் குறைவில் அது நுனியின் இளம் இலைகளில் தொடங்கும். போட்டோவில் எந்த இலை மஞ்சள் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

சேக்காட்டு அம்மாவின் போனில் இப்போது மரத்துக்கென்று தனி ஆல்பம் இருக்கிறது. மாதம் முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்கு, அதே வெள்ளை வேட்டி, அதே கோணம், ஒரே ஒரு படம். மண் மறுபடியும் விளிம்புக்கு மேலே எழத் தொடங்கினால் அது முதலில் அந்த ஆல்பத்தில்தான் தெரியும். கத்தரி அலமாரியில் இருக்கிறது. அடுத்த வெட்டு ஜூலையில், தளிர்கள் எட்டு இலை விட்ட பிறகு.